ஒரே மியூஸ்லி பாக்கெட்டில் சர்க்கரை 20 கிராமா, 11 கிராமா, 8 கிராமா? சத்து அட்டவணைப் படத்தைத் தமிழாக்கும் முறை

ஜெர்மனியிலிருந்து ஊருக்கு வரும் உறவினர் ஒரு மியூஸ்லி பாக்கெட் கொண்டுவந்து தருகிறார். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர் ஒருவர், இதைக் காலையில் சாப்பிடலாமா என்று கேட்கிறார். பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இதில் சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டால் நாலு பதில் வரும். ஒருவர் 20 கிராம் என்பார், இன்னொருவர் 11 கிராம் என்பார். கணக்குப் போட்டுப் பார்த்த ஒருவர் 8 என்பார், வேறொருவர் 12 என்பார்.

இதில் முதல் மூன்று பதிலும் சரி, கடைசிப் பதில் மட்டும் தவறு. சரியான மூன்று பேரும் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: எவ்வளவு மியூஸ்லிக்கு என்பது. 100 கிராமுக்கு 20, பால் ஊற்றிய ஒரு பங்குக்கு 11, பாலில்லாத 40 கிராமுக்கு 8. "சர்க்கரை 11 கிராம்" என்று மட்டும் பெரியவரிடம் சொன்னால், அது பாக்கெட் முழுவதற்குமா, ஒரு கிண்ணத்துக்கா, ஒரு கைப்பிடிக்கா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இப்படிப்பட்ட படத்தைத் தமிழாக்குகிறவர்கள் பெரும்பாலும் சொற்களில்தான் கவனம் வைக்கிறார்கள். கொழுப்பு, புரதம், நார்ச்சத்து எல்லாம் அகராதியில் இருக்கின்றன, அங்கே தவறு குறைவு. தவறு நடப்பது எண்கள் எந்த அளவுக்கு உரியவை என்ற இடத்தில்தான். அதனால் இந்த ஜெர்மன் மியூஸ்லியையே எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, ஆனால் சாக்லேட், உலர்பழம் சேர்த்த மியூஸ்லியில் வழக்கமாக இருக்கும் அளவுகளை ஒட்டியே இருக்கும்.

## விலையும் பில்லும்

காய்கறிக் கடையில் "தக்காளி கிலோ 40 ரூபாய்" என்று எழுதியிருக்கிறது. நாம் 400 கிராம் வாங்கினால் பில் 16 ரூபாய். 40, 16 என்ற இரண்டு எண்ணும் அதே தக்காளியைப் பற்றியவைதான். ஆனால் 40 என்பது விலை, நாம் எவ்வளவு வாங்கினாலும் மாறாது. 16 என்பது பில், வாங்கிய எடையைப் பொறுத்தது. இரண்டு கடைகளை ஒப்பிட விலை வேண்டும், பையிலிருந்து பணம் எடுக்க பில் வேண்டும்.

சத்து அட்டவணையில் "100 கிராமுக்கு" என்று இருப்பது விலை மாதிரி. "ஒரு பங்குக்கு" என்று இருப்பது பில் மாதிரி. பங்கு என்பது ஒருவர் ஒரு தடவை சாப்பிடுவதாகத் தயாரிப்பாளர் எடுத்துக்கொள்ளும் அளவு. அது எத்தனை கிராம் என்பதைத் தயாரிப்பாளர் அட்டவணையிலோ அதன் அருகிலோ எழுதியிருப்பார். ஒரு எண் எந்த எடைக்கு உரியதோ அந்த எடையை இந்தக் கட்டுரையில் அடிப்படை அளவு என்று சொல்கிறேன். அடிப்படை அளவு இல்லாத எண், "தக்காளி 40" என்று மட்டும் எழுதிய பலகை போல, எதற்கும் உதவாது.

## ஜெர்மன் அட்டவணையில் என்ன இருக்கும்

ஜெர்மனியில் விற்கும் உணவுப் பொட்டலங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 என்ற விதிமுறை பொருந்தும். சத்து அட்டவணை 2016 டிசம்பர் 13 முதல் பெரும்பாலான பொட்டல உணவுகளில் கட்டாயம். அதில் 100 கிராமுக்கு, அல்லது பானமென்றால் 100 மில்லிக்கு, உள்ள எண்களைத் தந்தே ஆக வேண்டும். பங்குக்கான எண்கள் விருப்பம்தான், சேர்த்தால் கூடுதலாகச் சேர்க்கலாம்.

ஆக, ஜெர்மன் பாக்கெட்டில் 100 கிராம் பத்தி பெரும்பாலும் இருக்கும் என்று நம்பி இறங்கலாம். (பத்தி என்று நான் சொல்வது மேலிருந்து கீழாக ஓடும் எண்களின் வரிசையை. குறுக்காக ஓடுவதை வரி என்கிறேன்.) நம் மியூஸ்லியின் அட்டவணை தமிழில் இப்படி இருக்கும்:

| | 100 கிராமுக்கு | ஒரு பங்குக்கு (40 கிராம் + 1.5% கொழுப்புள்ள பால் 60 மில்லி) | பங்கில் உள்ளது, நாளளவில் எத்தனை சதவீதம் |
|---|---|---|---|
| ஆற்றல் | 1798 கிலோஜூல் / 428 கிலோகலோரி | 839 கிலோஜூல் / 199 கிலோகலோரி | 10% |
| கொழுப்பு | 14 கி | 6.5 கி | 9% |
| இதில் நிறைவுற்ற கொழுப்பு | 5.0 கி | 2.6 கி | 13% |
| கார்போஹைட்ரேட் | 62 கி | 28 கி | 11% |
| இதில் சர்க்கரை | 20 கி | 11 கி | 12% |
| நார்ச்சத்து | 8.0 கி | 3.2 கி | |
| புரதம் | 9.5 கி | 5.9 கி | 12% |
| உப்பு | 0.30 கி | 0.20 கி | 3% |

அந்தத் தவறான "12 கிராம்" எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. அது கடைசிப் பத்தியின் 12 சதவீதம். படத்தில் சதவீதக் குறி மங்கலாக இருந்திருக்கும், படித்தவர் கிராம் என்று எடுத்துக்கொண்டார். ஐரோப்பிய விதிமுறை, சராசரிப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சர்க்கரை 90 கிராம், ஆற்றல் 8400 கிலோஜூல் அல்லது 2000 கிலோகலோரி என்று ஒப்பீட்டு அளவுகள் வைத்திருக்கிறது. இவற்றைத்தான் அட்டவணையில் நாளளவு என்று எழுதியிருக்கிறேன். 11 கிராம், 90-இல் 12 சதவீதம். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் 8400, 2000 என்ற எண்கள் இருக்கும். அவை இந்த மியூஸ்லியைப் பற்றியவை அல்ல. ஆனால் அவசரமாகத் தமிழாக்கும்போது "ஆற்றல் 2000 கலோரி" என்று உள்ளே புகுந்துவிடும்.

நடுப் பத்தியின் தலைப்பையும் இன்னொரு தடவை பாருங்கள். அங்கே இருப்பது 40 கிராம் மியூஸ்லி மட்டும் இல்லை, அதில் 60 மில்லி பாலும் சேர்ந்திருக்கிறது. மியூஸ்லி, காலை உணவுத் தானியங்கள், சூப்புப் பொடி, புட்டிங் பொடி போன்றவற்றில் இப்படித் தயாரித்த நிலையில் எண்கள் கொடுப்பது வழக்கம். "ஒரு பங்குக்கு" என்று மட்டும் எழுதிப் பாலை விட்டுவிட்டால், பாலில் உள்ள புரதத்தையும் சர்க்கரையையும் மியூஸ்லியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இதுவரை பார்த்தது: முதல் பத்தி 100 கிராம் வெறும் மியூஸ்லிக்கு, இரண்டாவது பாலும் மியூஸ்லியும் சேர்ந்த ஒரு கிண்ணத்துக்கு, மூன்றாவது அந்தக் கிண்ணம் நாளளவில் எத்தனை சதவீதம் என்பதற்கு.

## படம் எழுத்தாகும்போது நடக்கும் இடமாற்றம்

அட்டவணையை நேரில் பார்த்தால் இவ்வளவு குழப்பம் வராது. பத்திகள் தெளிவாகப் பிரிந்து தெரியும். குழப்பம் படத்தில்தான் கூடுகிறது, அதுவும் போனின் மொழிபெயர்ப்புச் செயலி வழியாகப் போகும்போது.

செயலி இரண்டு வேலை செய்கிறது. முதலில் படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு வெறும் எழுத்தாக மாற்றுகிறது. இதை எழுத்துணர்தல் என்பார்கள். அப்புறம்தான் மொழிபெயர்ப்பு. அட்டவணையில் ஒரு எண்ணுக்குப் பொருள் தருவது அது இருக்கும் இடம்: எந்தத் தலைப்புக்குக் கீழே, எந்தப் பெயருக்கு நேரே. எழுத்துணர்தலில் அந்த இடம் எளிதில் தொலைந்துவிடும். சில நேரம் வரிவரியாகப் படிக்கும், சில நேரம் ஒரு பத்தி முழுவதையும் மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போகும்.

பத்தியாகப் படிக்கும்போது காலியான கட்டம் பெரிய தொல்லை. நார்ச்சத்துக்கு ஐரோப்பிய விதிமுறையில் நாளளவு கிடையாது, ஆகவே சதவீதப் பத்தியில் அந்தக் கட்டம் காலி. செயலி காலியிடத்தைத் தாண்டிவிடும். விளைவாக 10, 9, 13, 11, 12, 12, 3 என்று ஏழு எண்கள் வரிசையாக நிற்கும், பெயர்களோ எட்டு. வரிசைப்படி பொருத்தினால் புரதத்தின் 12 நார்ச்சத்துக்குப் போகும், உப்பின் 3 புரதத்துக்குப் போகும்.

ஆற்றல் வரியில் வேறு சிக்கல். ஒரு கட்டத்திலேயே இரண்டு அலகு இருக்கிறது, முதலில் கிலோஜூல், பிறகு கிலோகலோரி. நம்மவர்கள் "கலோரி" என்று பேசுவது கிலோகலோரியைத்தான். செயலியில் இது 1798, 428, 839, 199 என்று நாலு எண்ணாக விழுந்துவிட்டால், முதல் இரண்டையும் இரண்டு பத்திகளாக எடுத்துக்கொண்டு "100 கிராமுக்கு 1798, பங்குக்கு 428" என்று எழுதுகிறவர்கள் உண்டு. இதற்கு எளிய பரிசோதனை இருக்கிறது. 1 கிலோகலோரி ஏறத்தாழ 4.2 கிலோஜூல். 1798-ஐ 428-ஆல் வகுத்தால் 4.2 வருகிறது. அப்படி வந்தால் அவை அதே ஆற்றலின் இரண்டு அலகுகள், இரண்டு பத்திகள் அல்ல.

இன்னொன்று தசமப் புள்ளி. ஜெர்மன் மொழியில் நாம் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி வைப்பார்கள். நிறைவுற்ற கொழுப்பு 5,0 என்று அச்சாகியிருக்கும். காற்புள்ளி படத்தில் மங்கினால் 50 ஆகிவிடும். கிராமைக் குறிக்கும் g என்ற எழுத்து 9 மாதிரி இருப்பதால் "20 g" என்பது 209 என்று வருவதும் நடக்கும். மொத்தக் கொழுப்பு 14 இருக்கும்போது அதற்குள் அடங்கும் நிறைவுற்ற கொழுப்பு 50 ஆக முடியாது. 100 கிராம் பண்டத்தில் 209 கிராம் சர்க்கரையும் இருக்க முடியாது. இந்த இரண்டையும் கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

இதனால் படம் எடுக்கும்போதே கொஞ்சம் கவனம் வேண்டும். பாக்கெட்டின் மடிப்பை நீவி, மேசையில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். தலைப்பு வரியும் கீழே உள்ள பொடி எழுத்தும் படத்துக்குள் வர வேண்டும். தலைப்பு வரி பல பாக்கெட்டுகளில் வண்ணப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்தில் இருக்கும், போன் அதைத்தான் அடிக்கடி தவறவிடும். அதனால் தலைப்பை மட்டும் கிட்டத்தில் இன்னொரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. மொழிபெயர்த்த சொற்களைப் படத்தின் மேலேயே ஒட்டிக் காட்டும் வசதியை இதற்கு நம்ப வேண்டாம். நீளமான தமிழ்ச் சொல் பக்கத்து எண்ணை மறைத்துவிடும். செயலியைச் சொல்லுக்குப் பொருள் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, எண்களை மூலப் படத்திலிருந்து நாமே எழுதுவதுதான் சரியான வழி.

எழுதும் வரிசையும் முக்கியம். முதலில் தலைப்புகளை மட்டும் எழுதுங்கள். ஜெர்மன் தலைப்பில் "யே" அல்லது "ப்ரோ" என்ற சிறு சொல் வரும், இரண்டுக்கும் இந்த இடத்தில் "இத்தனைக்கு" என்றுதான் பொருள். அதற்குப் பின்னால் வரும் எடையையும், கூட்டல் குறி இருந்தால் அதற்குப் பின்னால் வருவதையும் முழுதாக எழுதிவிட வேண்டும். தலைப்பு எழுதி முடிக்கும் வரை ஓர் எண்ணைக்கூடத் தொட வேண்டாம்.

## வகுத்துப் பார்த்தால் தெரியும்

எழுதிய எண்கள் சரியான பத்தியில் இருக்கின்றனவா என்று சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஜெர்மன் தெரியாதவரும் செய்யலாம். ஒவ்வொரு வரியிலும் பங்குக்கான எண்ணை 100 கிராமுக்கான எண்ணால் வகுங்கள்.

பால் இல்லாமல் வெறும் 40 கிராமுக்கு என்றால் எல்லா வரியிலும் 0.4 வர வேண்டும். கொழுப்பு 5.6-ஐ 14-ஆல் வகுத்தால் 0.4. சர்க்கரை 8-ஐ 20-ஆல் வகுத்தாலும் 0.4. கார்போஹைட்ரேட் 24.8 கிராம், ஆனால் 10 கிராமுக்கு மேலிருந்தால் முழு எண்ணாக்கி அச்சிடுவார்கள், அதனால் பாக்கெட்டில் 25 என்று இருக்கும். 25-ஐ 62-ஆல் வகுத்தால் 0.403. இந்த அளவு வித்தியாசம் முழுமையாக்கலால் வருவது, கவலை வேண்டாம். எல்லா வரியும் 0.4-க்குப் பக்கத்தில் இருந்து ஒரு வரி மட்டும் 1.1 அல்லது 2.5 என்று வந்தால், அந்த வரியில் எண்கள் இடம் மாறியிருக்கின்றன. 2.5 வந்தால் இரண்டும் தலைகீழாகிவிட்டன என்றே சொல்லிவிடலாம், ஏனென்றால் 100-ஐ 40-ஆல் வகுத்தால் 2.5.

நம் அட்டவணையில் பால் சேர்ந்திருக்கிறது. அங்கே வகுத்தால் என்ன வருகிறது? கொழுப்பு 0.46, கார்போஹைட்ரேட் 0.45, சர்க்கரை 0.55, புரதம் 0.62, உப்பு 0.67. ஒன்றுகூட ஒன்றோடு ஒத்துப்போகவில்லை. முதல் பார்வையில் எல்லாவற்றையும் தவறாக எழுதிவிட்டோமோ என்று தோன்றும். ஆனால் நார்ச்சத்து மட்டும் 3.2-ஐ 8-ஆல் வகுத்தால் சரியாக 0.4.

பாலில் நார்ச்சத்து கிடையாது, அதனால்தான் இப்படி. பால் சேர்த்தாலும் அந்த வரி மாறாமல் மியூஸ்லியின் 40 கிராமை அப்படியே காட்டுகிறது. மற்ற வரிகளில் பால் தன் பங்கைச் சேர்த்திருக்கிறது. 60 மில்லி பாலில் சர்க்கரை, அதாவது பாலுக்கே உரிய லாக்டோஸ், ஏறத்தாழ 2.9 கிராம். மியூஸ்லியின் 8 கிராமோடு சேர்த்தால் 10.9, அச்சில் 11. புரதம் 2.1 கிராம் சேர்ந்து 3.8 என்பது 5.9 ஆகிறது. மியூஸ்லியில் உப்பும் புரதமும் குறைவு, பாலில் அவை ஓரளவு இருப்பதால் அந்த இரண்டு வரியிலும்தான் விகிதம் அதிகம் ஏறியிருக்கிறது.

ஆக, பால் கலக்கும் தானிய உணவில் நார்ச்சத்து வரியின் விகிதம் தலைப்பில் சொன்ன கிராமோடு பொருந்தி, மற்ற வரிகள் அதைவிடக் கூடுதலாக இருந்தால், பங்கோடு வேறு ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். தலைப்பின் இரண்டாவது வரி படத்தில் விழாமல் போயிருந்தாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். அப்போது எண்களை நீங்களாகத் திருத்த வேண்டாம். படம் அனுப்பியவரிடம் தலைப்பை இன்னொரு தடவை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சதவீதப் பத்தி எந்த அளவுக்கு உரியது என்பதையும் இதே போல் வகுத்துப் பார்க்கலாம். சர்க்கரையின் நாளளவு 90 கிராம். 11 கிராம் என்றால் 12 சதவீதம், 20 கிராம் என்றால் 22 சதவீதம். பாக்கெட்டில் 12 இருக்கிறது, ஆகவே அது பங்குக்கு உரியது.

இந்தப் பகுதியின் சாரம்: எல்லா வரியும் ஒரே விகிதமென்றால் வெறும் பங்கு. ஒரு வரி மட்டும் விலகினால் எழுத்துப் பிழை. நார்ச்சத்து மட்டும் பொருந்தி மற்றவை ஏறியிருந்தால் கலந்து கொடுத்த பங்கு.

## கலோரியைக் கூட்டிப் பார்ப்பது

பத்திக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. ஐரோப்பிய விதிமுறை ஆற்றலைக் கணக்கிட நிலையான எண்கள் வைத்திருக்கிறது. மியூஸ்லி மாதிரிப் பண்டத்துக்கு இவ்வளவு போதும்:

```
கொழுப்பு × 9 + கார்போஹைட்ரேட் × 4 + புரதம் × 4 + நார்ச்சத்து × 2
14 × 9 + 62 × 4 + 9.5 × 4 + 8 × 2 = 428
```

பங்குப் பத்திக்கும் இதையே செய்தால் 200.5 வருகிறது, அச்சில் 199. ஒன்றிரண்டு கலோரி முன்பின் இருப்பது முழுமையாக்கலால். சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் தனியாகக் கூட்டக் கூடாது. அவை மேல் வரியிலேயே அடங்கியவை, அதனால்தான் "இதில்" என்று தொடங்குகின்றன. ஒரு பத்தியின் கிராம்களைக் கூட்டினால் அடுத்த பத்தியின் கலோரி வருகிறது என்றால் ஆற்றல் வரி இடம் மாறியிருக்கிறது. சாராயம் கலந்த பண்டத்திலும், சர்க்கரைக்கு மாற்றாகச் சர்பிட்டால் போன்றவை சேர்த்த பண்டத்திலும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றுக்கு வேறு எண்கள் உண்டு.

## தமிழில் எழுதி அனுப்பும்போது

எண்கள் சரிபார்த்தாயிற்று. அதே அட்டவணையை இரண்டு பத்தியாகத் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அங்கே எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று மாறுவதால் பத்திகள் குலைந்துவிடும். நாம் தவிர்த்த குழப்பம் கடைசியில் வந்து சேரும். இரண்டு பத்தியையும் தனித்தனியாக, ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுவது பாதுகாப்பு:

```
100 கிராம் வெறும் மியூஸ்லியில்:
கார்போஹைட்ரேட் 62 கி, இதில் சர்க்கரை 20 கி

40 கிராம் மியூஸ்லி + 60 மில்லி பாலில்:
கார்போஹைட்ரேட் 28 கி, இதில் சர்க்கரை 11 கி
```

"ஒரு பங்குக்கு" என்று மட்டும் எழுதாமல் எடையையே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். படிக்கிறவர் மனதில் பங்கு என்பது அவர் வீட்டுக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் 40 கிராம்தான் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

சில சமயம், இடம் போதாதென்று ஒரு பத்தியை மட்டும் அனுப்ப நேரும். அப்படியானால் 100 கிராம் பத்தியை அனுப்புங்கள். பங்குப் பத்தியிலிருந்து, அதுவும் பால் சேர்த்ததிலிருந்து, வேறு அளவைக் கணக்கிடுவது சிரமம். 100 கிராம் தெரிந்தால் எந்த அளவுக்கும் போகலாம்.

நம் பெரியவரையே எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு கிண்ணம் நிறையப் போடுகிறார், சமையலறைத் தராசில் வைத்தால் 80 கிராம். சர்க்கரை 20-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 16 கிராம். கார்போஹைட்ரேட் 62-ஐ 0.8-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 50 கிராம். இது மியூஸ்லி மட்டும். அவர் ஊற்றுவது 150 மில்லி டோன்டு பால். பாலின் லாக்டோஸ் 100 மில்லிக்கு ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு, 150 மில்லியில் ஏறத்தாழ 7 கிராம். மொத்தத்தில் சர்க்கரை 23 கிராம், கார்போஹைட்ரேட் 57 கிராம். பாக்கெட்டின் பங்குப் பத்தியில் இருந்த 11, 28 என்ற எண்களைப் போல இரண்டு மடங்கு. கொழுப்பும் மாறும், ஏனென்றால் அட்டவணையில் சொன்ன பாலில் கொழுப்பு 1.5 சதவீதம், நம் டோன்டு பாலில் 3 சதவீதம்.

சர்க்கரை நோயுள்ளவருக்காகத் தமிழாக்கும்போது சர்க்கரை வரியோடு நிறுத்த வேண்டாம், மொத்தக் கார்போஹைட்ரேட் வரியையும் கூடவே எழுதுங்கள். ஓட்ஸின் மாவுச்சத்தும் உடலில் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. அந்த 20 கிராம் சர்க்கரையிலும் சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு, உலர்திராட்சையில் இயல்பாக இருந்தது எவ்வளவு என்பதை ஐரோப்பிய அட்டவணை பிரித்துச் சொல்லாது. இதை வைத்து "சேர்த்த சர்க்கரை 20 கிராம்" என்று எழுதினால் அது தவறு.

## ஒரே பத்தி மட்டும் இருந்து, தலைப்பும் தெரியாவிட்டால்

எல்லா நாட்டிலும் 100 கிராம் கட்டாயம் இல்லை. அமெரிக்க அட்டவணை பங்கை அடிப்படையாகக் கொண்டது. 100 கிராம் பத்தி அங்கே வழக்கமில்லை, இரண்டாவது பத்தி இருந்தால் பெரும்பாலும் பாக்கெட் முழுவதற்கும் உரியதாக இருக்கும். அமெரிக்க அட்டவணையை ஐரோப்பிய அட்டவணையோடு ஒப்பிட்டு "இதில் சர்க்கரை பாதிதான்" என்று சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை. பில்லை விலையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டுப் பாக்கெட்டிலும் ஒரு கண்ணி உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைப்படி சத்துகள் 100 கிராமுக்குத் தரப்படுகின்றன, ஆனால் நாளளவுக்கான சதவீதம் ஒரு பங்குக்கு. இரண்டு பத்தியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், அடிப்படை அளவு வேறுவேறு. சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு 20 கிராம், சதவீதம் 16 என்று இருந்தால், 20 கிராம் என்பது 16 சதவீதம் என்று படிக்கக் கூடாது. இந்தியாவில் சேர்த்த சர்க்கரைக்கு ஒப்பீட்டு அளவு 50 கிராம். 40 கிராம் பங்கில் உள்ள 8 கிராம்தான் அதில் 16 சதவீதம்.

தலைப்பு கிழிந்தோ மங்கியோ போன ஒற்றைப் பத்திப் படம் வந்தால், உலர்ந்த பண்டங்களில் ஒரு வழி இருக்கிறது. மியூஸ்லி, பிஸ்கட், சிப்ஸ், பருப்பு வகைகளில் தண்ணீர் மிகக் குறைவு. அதனால் கொழுப்பு, கார்போஹைட்ரேட், நார்ச்சத்து, புரதம், உப்பு எல்லாவற்றையும் கூட்டினால் பண்டத்தின் எடைக்கு நெருக்கமாக வரும். நம் மியூஸ்லியில் 14, 62, 8, 9.5, 0.3 சேர்த்து 93.8. ஆகவே அந்தப் பத்தி 100 கிராமுக்கு உரியது. பால் சேர்க்காத 40 கிராம் பங்கின் எண்களைக் கூட்டினால் 37.5 வரும். கூட்டுத்தொகை 30, 40 என்று நின்றால் அது பங்கு, அதன் எடை அந்தக் கூட்டுத்தொகையைவிடச் சற்றுக் கூடுதல் என்று ஊகித்துவிடலாம்.

அமெரிக்க அட்டவணையில் இதைச் செய்யும்போது நார்ச்சத்தைத் தனியாகக் கூட்ட வேண்டாம். அங்கே மொத்தக் கார்போஹைட்ரேட்டுக்குள்ளேயே நார்ச்சத்து அடங்கும், ஐரோப்பாவில் அடங்காது. இதே மியூஸ்லியின் 40 கிராமுக்கு அமெரிக்க முறையில் கார்போஹைட்ரேட் 25 அல்ல, 28 என்று இருக்கும். பால் சேர்த்த ஜெர்மன் பத்தியிலும் 28 இருந்தது, ஆனால் அது வேறு 28.

தயிர், ஜூஸ், சாஸ், ரொட்டி போன்ற ஈரமான பண்டங்களில் இந்தக் கூட்டல் எதுவும் சொல்லாது, எடையின் பெரும்பகுதியோ கணிசமான பகுதியோ தண்ணீராக இருக்கும். பால் சேர்த்த மியூஸ்லிப் பங்கின் எண்களைக் கூட்டினால் 43.8 வருகிறது, கிண்ணத்தில் இருப்பதோ ஏறத்தாழ 100 கிராம். அப்படிப்பட்ட படத்துக்குத் தலைப்பில்லாமல் தமிழாக்கம் கேட்டால், சொற்களை மட்டும் எழுதி, எண்களுக்கு மேல் "எத்தனை கிராமுக்கு என்று படத்தில் தெரியவில்லை" என்று எழுதி அனுப்புங்கள்.